இரண்டு விரல் ஓரத்தில் ஓராண்டு

வரவேற்பறை அக்கா என் கைபேசியை வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டார். பதிலுக்கு ஏழாம் எண் பொறித்த ஒரு வில்லையைக் கொடுத்தார்.

"பெயிண்ட் கம்பெனி தம்பி. உள்ளே முழுக்க தின்னர். ஒரு பொறி போதும், நீங்க, நான், மேனேஜர் எல்லாரும் சமமாயிடுவோம்."

"முக்கியமான ஃபோன் ஒண்ணு வரலாம்க்கா."

"எல்லாருக்கும் முக்கியமான ஃபோன்தான் வரும். வந்தா தட்டுல அதுபாட்டுக்கு அடிக்கும்."

அது அடிப்பதுதான் என் பயமே. கொடுப்பதற்கு முன் கடைசியாக வந்திருந்த செய்தியைப் படித்துக்கொண்டேன். அக்கா, அதாவது என் சொந்த அக்கா, எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பியது: "மாத்திரை குடுத்தாச்சு. 37.4. நீ போய் உன் வேலையைப் பாரு." முப்பத்தேழு புள்ளி நான்கு காய்ச்சல் இல்லை. முப்பத்தெட்டைத் தொட்டால்தான் மருத்துவமனைக்கு ஃபோன். ஆனால் முப்பத்தெட்டுக்குப் போகிற எந்த அளவும் முப்பத்தேழு புள்ளி நான்கைத் தாண்டித்தான் போகும். இதை அக்காவிடம் சொன்னால், "முப்பத்தேழுக்குத் திரும்பி வர்றதும் அந்த வழியாத்தான் வரணும்" என்பாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள்.

என்னைப் பற்றிய விவரம் சுருக்கமாக. வேதியியல் கடைசி ஆண்டு முடித்தவன். என் வகுப்பில் எல்லோருக்கும் இருபத்தொன்று, எனக்கு இருபத்திரண்டு. அதனால் என் பெயர் தாத்தா. கல்லூரி முதல்வர் மீதான கிண்டல்களைச் சுவரில் ஒட்டி வந்த ஓர் அநாமதேயத் தாளின் ஆசிரியர் என்ற பெருமையும் எனக்கு உண்டு. அநாமதேயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதல்வர் என்னைப் பார்த்தால், "என்னப்பா, இந்த வாரம் நான் எப்படி?" என்று கேட்பார்.

அந்த ஒரு வயது கூடுதலுக்குக் காரணம் இரண்டாம் ஆண்டு முடிந்ததும் நான் எடுத்த ஓராண்டு விடுப்பு. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தார்கள். ஏழாவது மாதம் அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். அப்பா கப்பலில் இன்ஜின் அறை ஊழியர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் கரை. ஆக, வீட்டில் அறுவை முடிந்த இரண்டு பேர், நிற்க முடிந்தவன் ஒருவன். காலை எட்டு, இரவு எட்டு மாத்திரை. எடை, காய்ச்சல், இரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், போன சிறுநீர். எல்லாவற்றையும் நீல அட்டை நோட்டில் எழுதினேன்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது? இப்போது அரை நிமிடம். ஆனால் முதல் நேர்முகத் தேர்வில், ஒரு சோப்பு கம்பெனியில், பதினொரு நிமிடம் ஆனது.

"ஒரு வருஷம் இடைவெளி தெரியுதே?" என்றுதான் அந்தம்மா கேட்டார். நான் இயந்திரத்தின் குழாயிலிருந்து ஆரம்பித்தேன். மருத்துவமனை லிஃப்ட் வரை போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் மாமனாரின் முழங்கால் பற்றிச் சொன்னார். நல்ல டாக்டர் ஒருவரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது: "தங்கள் துறை அறிவை மதிப்பிடப் போதிய நேரம் கிடைக்கவில்லை."

இரண்டாவது கம்பெனியில் உஷாராகிவிட்டேன். "ஒரு வருஷம் எங்க இருந்தீங்க?" என்றார்கள். "சிறுநீர் அளவைத் துறையில்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பயம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அது பிறவிக் குறை, அதற்கு மாற்று அறுவை இல்லை.

அதன் பிறகுதான் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலகத்து மேடம் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். மேசையில் முட்டை வேகவைக்கும்போது வைக்கிற சிறு கடிகாரம் ஒன்று.

"மூணே வாக்கியம். ஏன் நின்னே, அது முடிஞ்சுதா, இனி என்ன பண்ணப் போறே. நோய்ப் பேரு வேண்டாம், அவங்களுக்கு அது தேவையும் இல்ல. அழுகை வேண்டாம். ஜோக் வேண்டவே வேண்டாம். அரை நிமிஷம். சொல்லு."

"வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாததால், கல்லூரி அனுமதியோடு ஓராண்டு விடுப்பு எடுத்தேன்."

"நல்லா இருக்கு. அப்புறம்?"

"அப்புறம்..."

"இப்ப அவங்க நல்லா இருக்காங்க. சொல்லு."

சொல்லவில்லை. கடிகாரம் மணியடித்தது.

"என்ன தாத்தா, அம்மா இப்ப நல்லாத்தானே இருக்காங்க?"

மணியடித்த கடிகாரத்தை மறுபடி திருகி வைத்தேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, வெட்கம். அறுவை முடிந்த ஆறாம் வாரம் எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "அம்மா எப்படி?" "நல்லா இருக்காங்க" என்றேன். அன்று சாயங்காலம் 38.2. நான்கு நாள் மருத்துவமனை. இரண்டு மாதம் கழித்து அப்பா கப்பலிலிருந்து கூப்பிட்டார். "நல்லா இருக்காங்கப்பா" என்றேன். மறுநாள் 38.5. வேதியியல் படித்தவனுக்கு இரண்டு அளவீட்டை வைத்து விதி எழுதக் கூடாது என்று தெரியும். தெரிந்தும், அந்த இரண்டு சொற்களை அதன் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. "பரவாயில்லை", "ஓடுது", "பார்ப்போம்" என்று சமாளித்தே ஆண்டை ஓட்டினேன்.

மேடம் என்னைக் கூர்ந்து பார்த்தார். "சரி, கடைசி வாய்ப்பு இந்தப் பெயிண்ட் கம்பெனிதான். இந்த சீசனுக்கு வேற யாரும் கெமிஸ்ட்ரிக்கு வரல. ஒழுங்கா பேசிட்டு வா."

கடைசி வாய்ப்பு எனக்கு மட்டும் அல்ல. அப்பா கரைக்கு வந்து பத்து வாரம் ஆகிறது. கேட்கிற காது பாதி போய்விட்டது, அந்த இன்ஜின் சத்தம். எனக்கு வேலை கிடைத்தால் அடுத்த கப்பலில் ஏற மாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கிடைக்காவிட்டால் இருபதாம் தேதி ஏற வேண்டும். பெட்டியைப் பரண்மேல் ஏற்றாமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்.

எழுத்துத் தேர்வு முக்கால் மணி நேரம். இரண்டு கரைசல் கணக்கு, ஓட்டக் கோப்பை பற்றி ஒரு கேள்வி, எஞ்சியவை பாதுகாப்பு. அடியில் சிறு துளையுள்ள கோப்பையில் பெயிண்டை ஊற்றி, அது ஒழுகி முடிக்க எத்தனை விநாடி என்று எண்ணிக் கெட்டித்தன்மை பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்ததுதான். எழுதும்போது பயம் சற்று ஓய்ந்திருந்தது. பேனாவுக்கு வாய் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

வெளியே வந்ததும் வரவேற்பறை அக்கா நான்கு தாள்களைக் கொடுத்தார்.

"நீங்க ஆன்லைன்ல அனுப்பின விண்ணப்பம். படிச்சுப் பாத்து ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போடுங்க. கடைசிப் பக்கத்துல 'எல்லாம் உண்மை'ன்னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழயும். பத்து நிமிஷத்துல உள்ளே கூப்பிடுவாங்க."

"என் ஃபோன் அடிச்சுதாக்கா?"

"இல்ல. உங்களோடது ஊமைப் பிள்ளை."

முதல் பக்கத்தில் என் முகவரி. கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கம்: கல்வி. அதற்குக் கீழே, அனுபவம் என்ற தலைப்பில், நான் எழுதாத ஐந்து வரிகள்.

"ஓராண்டு. சரக்கு மேலாளர், ஒரு முன்னணி இரும்புச் சாமான் நிறுவனம். சாதனை: ஆணி இழப்பை நாற்பது சதவீதம் குறைத்தது. தலைமைப் பண்பு மிக்கவர். தொடர்புக்கு:" என்று போட்டு, மாமாவின் கைபேசி எண்.

மேலே பெயரை மறுபடி பார்த்தேன், என்னுடையதுதான்.

முன்னணி நிறுவனம் என்பது எங்கள் மாமாவின் கடை. அம்மாவின் தம்பி. பத்தடி அகலம், உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஏணியில் ஏற வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று நான் அம்மாவுடன் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். நிரப்பிய விண்ணப்பத்தை மாமாவுக்கு அனுப்பி, கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடச் சொன்னேன். அதற்கு ஒரு வாரம் முன்பே அவர் ஆலோசனை சொல்லியிருந்தார்.

"மாப்ள, உன் பயோடேட்டால ஒரு பல்லு விழுந்த இடம் மாதிரி தெரியுது. சிரிச்சா அசிங்கமா இருக்கும். என் கடையில வேலை பாத்தேன்னு ஒரு பொய்ப்பல் கட்டிடு. கேட்டா நான் பேசிக்கறேன்."

"வேண்டாம் மாமா."

"சரி சரி."

என் குடும்பத்தில் ஒரு "சரி" என்றால் சம்மதம். இரண்டு "சரி" என்றால் எச்சரிக்கை. இதை நான் மறந்துபோனேன்.

தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விரல்கள் ஈரமாகி, தாளின் மூலை சுருண்டது. கையெழுத்துப் போட்டால் பொய் என்னுடையது. பிறகு எப்போது தெரிந்தாலும் வெளியே அனுப்பலாம் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. போடாவிட்டால் உள்ளே கூப்பிட மாட்டார்கள். எழுந்து போய்விடலாம். அக்காவிடம், "அவங்களுக்கு வேற ஆள் கிடைச்சாச்சாம்" என்று சொல்லலாம். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்பார்.

"என்ன தம்பி, முகம் சுண்ணாம்பா போச்சு?" என்றார் வரவேற்பறை அக்கா.

"ஒரு தப்பு இருக்குக்கா. திரும்ப எடுத்துத் தர முடியுமா?"

"அனுப்பினது அனுப்பினதுதான். மாத்த முடியாது. வெள்ளை மை வேணும்னா தரேன்." இழுப்பறையைத் திறந்து சிறு புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாரும் பூசறதுதான்."

அந்தப் புட்டியைப் பார்த்ததும் எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் நினைவுக்கு வந்தார். பதிவேட்டில் வெள்ளை மை கண்டால் அந்தப் பக்கத்தையே கிழித்து, எழுதியவன் கையிலேயே கொடுப்பார். காரணம் எல்லாம் சொல்ல மாட்டார். "கோடு" என்பார், ஒரே சொல். தப்பின்மேல் ஒற்றைக் கோடு. அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியானது, காரணம், சுருக்கொப்பம், தேதி. நான் முதல் ஆண்டில் நான்கு பக்கம் வாங்கியவன்.

நீல அட்டை நோட்டையும் அப்படித்தான் எழுதினேன். அதில் ஒரு நாள் இரவு எட்டு மணிக் கட்டம் காலி. அன்று அக்காவுக்குத் தையல் போட்ட இடத்தில் வலி, அவசரப் பிரிவில் இருந்தோம். மறுநாள் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம், யாருக்குத் தெரியும். கோடு போட்டு, "எடுக்கவில்லை. மருத்துவமனையில்" என்று எழுதினேன். டாக்டர் நோட்டைப் புரட்டியபோது அந்த இடத்தில் நிற்கக்கூட இல்லை. படித்தார், தாண்டினார், அடுத்த வரிக்குப் போனார்.

"புட்டி வேண்டாம்க்கா. ஸ்கேல் இருக்கா?"

ஐந்து வரிக்கும் ஒற்றைக் கோடு போட்டேன். ஆணி இழப்பு அடியில் தெளிவாகத் தெரிந்தது. இனி பக்கத்தில் எழுத வேண்டும். தாளின் ஓரம் இரண்டு விரல் அகலம். சோப்பு கம்பெனியில் பதினொரு நிமிடம் பேசியதற்கு இருந்த இடம் அவ்வளவுதான்.

குழாய் உள்ளே போகாது. லிஃப்ட் போகாது. அக்காவின் தழும்பு, அப்பாவின் காது, எதுவும் போகாது. மிகச் சின்ன எழுத்தில் எழுதினேன்: "இது தவறு. குடும்பத்தில் உடல்நலக் குறைவு. கல்லூரி அனுமதியுடன் ஓராண்டு விடுப்பு." கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. பேனா நின்றது. முப்பத்தேழு புள்ளி நான்கு. தட்டில் இருந்த என் ஃபோனைப் பார்த்தேன். கறுப்பாகக் கிடந்தது.

நல்லா இருக்காங்க என்று எழுதவில்லை. எழுதினால் அது அடிக்கும் என்று எனக்குத் தெரியும். "விடுப்பு முடிந்தது. படிப்பு முடித்தேன். முழு நேர வேலைக்குத் தயார்" என்று மட்டும் எழுதி, சுருக்கொப்பம், தேதி. அது உண்மைதான். போன மாதமே நீல நோட்டை அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இனிமே இது என் துறை. நீ வேணும்னா மேற்பார்வை பாரு, தூரத்துல இருந்து" என்றாள்.

உள்ளே இரண்டு பேர். ஆய்வகத் தலைவி, ஐம்பது வயதிருக்கும், விரல் நகங்களில் போகாத நீலச் சாயம். பக்கத்தில் பணியாளர் பிரிவு அதிகாரி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்து, அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு சார்" என்றார் தலைவி, நிமிராமல்.

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். இரண்டாம் பக்கத்துக்கு வந்தார். நின்றார்.

"இது யார் அடிச்சது?"

"நான் சார்."

"எப்போ?"

"இப்பதான். வெளியில." தாளைச் சுட்டினேன். "விண்ணப்பத்தை வேற ஒருத்தர் ஏத்தினாங்க. அந்த அஞ்சு வரி நான் எழுதினது இல்ல, உண்மையும் இல்ல. சரியானதைப் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"யாரு ஏத்தினது?"

"எங்க மாமா."

"அதாவது, இந்த முன்னணி நிறுவனம்."

"ஆமா சார்."

அவர் ஒரு தனித் தாளை எடுத்தார்.

"நீங்க பரீட்சை எழுதறப்போ, போட்டிருக்கிற எண்ணுக்கெல்லாம் ஃபோன் பண்ணி விசாரிப்போம். அது எங்க வழக்கம். வெளியில இருக்கிற அம்மா பேசியிருக்காங்க. அவங்க கேட்டதை அப்படியே எழுதறவங்க." கண்ணாடியைச் சரிசெய்தார். "'பையன் தங்கம். என் கடையில பிரமாதமா வேலை பாத்தான்.' இது உங்க முன்னணி நிறுவனம் சொன்னது. இப்ப நீங்க இல்லைங்கறீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். உங்களை நான் எதுக்கு நம்பணும்?"

வாய் திறந்தது. என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. சத்தியமாக இருந்தது, நல்ல ஜோக், ஆணியை வைத்து. அது நாக்கின் நுனி வரை வந்து நின்றது. முட்டைக் கடிகாரம் டிக் டிக்கென்று மண்டைக்குள் ஓடியது. ஜோக்கை விழுங்கினேன்.

"நான் எழுதினது உண்மை சார். கல்லூரி விடுப்பு ஆணையும், மருத்துவமனை கொடுத்த உடனிருப்பவர் கடிதமும் இருக்கு. தரேன்."

"மீதியையும் படிங்க சார்" என்றார் ஆய்வகத் தலைவி. அவர் ஓரக்கண்ணால் அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதிகாரி படித்தார். வரவேற்பறை அக்காவின் கையெழுத்து உருண்டையாக, தெளிவாக இருந்திருக்க வேண்டும், அவர் எங்கும் திக்கவில்லை.

"கேள்வி: எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தார்? பதில்: 'எங்க அக்கா ஆஸ்பத்திரியில சேர்ந்த மாசம்.' கேள்வி: வேலை நேரம்? பதில்: 'நேரம் காலமே கிடையாதுங்க, ராத்திரி பகலா ஆஸ்பத்திரியிலதான் கிடந்தான்.' கேள்வி: கடையில் என்ன பொறுப்பு? பதில்: 'கடைக்கு எங்க வந்தான், ரெண்டு பேரைப் பாக்கணும் பாவம்.' அடைப்புக்குறிக்குள்: பேசியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'ஆனா பிரமாதமா வேலை பாத்தான்' என்றார்."

நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. மாமா வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருப்பார், ஒன்றையாவது முழுசாக முடித்திருக்கலாம் என்றும் தோன்றியது. நல்லவேளை முடிக்கவில்லை என்றும் தோன்றியது.

தலைவி தாளைத் தன் பக்கம் இழுத்து, நான் போட்ட கோட்டின்மேல் நீல நகத்தை ஓட்டினார்.

"வெளியில வெள்ளை மை தரலையா அந்தம்மா?"

"தந்தாங்க மேடம்."

"ம்." தாளைத் திருப்பி வைத்தார். "ஓட்டக் கோப்பையில பெயிண்ட் ஊத்தியாச்சு. ஒழுகிட்டிருக்கு. நடுவுல யாரோ கூப்பிட்டாங்க, திரும்பிப் பாத்தீங்க. ஒழுக்கு எப்போ அறுந்துச்சுன்னு பாக்கல. பதிவேட்டுல என்ன எழுதுவீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயம் தேவைப்படவில்லை. "அந்த வரியில எண் எழுத மாட்டேன் மேடம். கோடு போட்டு, 'அளவீடு தவறியது, கவனிக்கவில்லை'ன்னு எழுதி ஒப்பம் போடுவேன். கோப்பையைக் கழுவி, புது மாதிரியை அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, அடுத்த வரியில திரும்ப எடுப்பேன்."

"மேனேஜர் வந்து, 'ஒரு வரி காலியா இருக்கே'ம்பாரே?"

"காரணம் பக்கத்துலயே இருக்கும் மேடம். ஒரு வரி."

"சரி" என்றார். ஒரே ஒரு சரி.

ஆனால் அதிகாரி விடவில்லை. பேனாவை மூடித் திறந்தார். "நான் இன்னும் ஒண்ணு கேக்கணும். என்ன நோய்னு கேக்கல, அது உங்க வீட்டு விஷயம். நாளைக்கே திரும்ப ஏதாவது ஆச்சுன்னா? மறுபடி ஒரு வருஷமா?"

இதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்து மேடம் வாக்கியம் தரவில்லை. ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாளை என்ன ஆகும் என்பதை அறிந்தவன்போல் பேசினால் அந்த நாளை என்னைத் தேடிவரும்.

"ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது சார். ஆனா அப்போ வீட்டுல நான் ஒருத்தன்தான் இருந்தேன். இப்ப அந்தப் பொறுப்பை அக்கா எடுத்துக்கிட்டாங்க, போன மாசத்துலேர்ந்து நடக்குது. அப்பாவும் வீட்டுல இருப்பார். அவசரம்னா ஒரு நாள் லீவு கேப்பேன். வருஷம் கேக்க வேண்டிய நிலை இல்ல."

அரை நிமிடம் ஆகியிருக்காது. அதிகாரி தலைவியைப் பார்த்தார். தலைவி, "வெள்ளை நிறமியில டைட்டானியம் டை ஆக்ஸைடை ஏன் போடறோம்?" என்று கேட்டார்.

அதன் பிறகு இருபத்தைந்து நிமிடம் நிறமி, பிசின், உலரும் நேரம். இரண்டு கேள்விக்குத் தெரியாது என்றேன். ஓராண்டைப் பற்றி அந்த அறையில் யாரும் மறுபடி பேசவில்லை. அதைப் பேசாமல் விடுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில் தலைவி அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அந்த ரெண்டு கடிதமும் நாளைக்குள்ள வரணும். அசல் பாத்துட்டுத் திருப்பித் தருவோம். அது சரியா இருந்தா திங்கட்கிழமை எட்டரைக்கு ஆய்வகம். ஆறு மாசம் பயிற்சி. உங்க மாமாகிட்ட ஒண்ணு சொல்லுங்க."

"என்ன சார்?"

"இனிமே யாருக்கும் சிபாரிசு பண்ண வேண்டாம்."

எப்படி எழுந்தேன், கதவை எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை. மேசைக்குப் போய் ஏழாம் எண் வில்லையை வைத்தேன். வரவேற்பறை அக்கா தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு தரம் அடிச்சுது தம்பி. நீங்க உள்ளே இருந்தப்போ."

திரையில் பெயர் தெரிய இரண்டு விநாடி ஆனது. அந்த இரண்டு விநாடியை நான் எந்தக் கோப்பையிலும் அளந்ததில்லை.

மாமா. இரண்டு தடவையும் மாமா. பிறகு ஒரு செய்தி, அதுவும் அவர்தான்: "மாப்ள, கம்பெனியிலேர்ந்து பேசினாங்க. பின்னிட்டேன். வேலை உனக்குத்தான்."

அதற்குக் கீழே அக்காவின் செய்தி, பதினொரு மணிக்கு அனுப்பியது. ஒரே ஓர் எண். 36.9.

"நல்ல சேதியா?" என்றார் வரவேற்பறை அக்கா.

"திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கடிதம் ரெண்டு குடுத்தா."

"அது கிடக்கட்டும். உங்க மாமா ஃபோன்ல பாதி நேரம் உங்க அம்மாவைப் பத்தித்தான் பேசினார். நான்தான் மூணு வரியில முடிச்சேன்." பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "இப்ப எப்படி இருக்காங்க அம்மா?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஓடுது. பார்ப்போம். மூன்றும் வரிசையாக வந்து நின்றன. திரையில் 36.9 இன்னும் அணையவில்லை. கையிலிருந்த ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அது துள்ளிவிடும் என்பதுபோல.

"நல்லா இருக்காங்க" என்றேன்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். ஃபோன் அடிக்கவில்லை. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"ஓரமா நில்லுங்க தம்பி" என்றார் அவர், எட்டாம் எண் வில்லையை எடுத்துக்கொண்டே. "அடுத்த ஆள் வரணும்."